லயன் கடையில் பால்மா ஆய்வு: மட்டுப்பாட்டை எப்படி எழுதினேன்

தர்ஷினி, ஹட்டன்:
சந்தைப்படுத்தல் பாடத்துக்கான அறிக்கையைக் கொடுத்து முடித்தேன். "தோட்ட மக்கள் ஏன் பால்மாவைச் சின்னப் பொதியாக வாங்குகிறார்கள்?" என்பதுதான் முதல் யோசனை. ஆனால் சின்னப் பொதிதான் வாங்குகிறார்கள் என்று அந்தக் கேள்வியே முடிவு கட்டிவிடுகிறது. அதனால் "சம்பளம் கிடைத்த வாரத்திலும் சம்பளத்துக்கு முந்திய வாரத்திலும் பொதியின் அளவு மாறுகிறதா?" என்று சுருக்கினேன்.

எங்கள் தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம். வேலை விட்டு வருகிறவர்களை லயன் கடை வாசலில் நின்று கேட்டேன், வாரத்துக்கு 30 பேர். சம்பள வாரத்தில் பெரிய பொதி, அதாவது 400 கிராம், எடுத்தவர்கள் 17 பேர், மற்ற வாரத்தில் 6 பேர்.

மட்டுப்பாடு, அதாவது ஆய்வின் முடிவை எதுவரை நம்பலாம் என்பதை, எழுதும்போது "நேரம் போதவில்லை" என்று விடவில்லை. மாதச் சாமானை டவுனில் வாங்குகிறவர்கள் இந்தக் கடைக்கு அதிகம் வருவதில்லை. அதனால் இங்கே சின்னப் பொதியின் பங்கு உள்ளதை விடக் கூடுதலாகத் தெரியக்கூடும் என்று எழுதினேன். இரண்டு வாரமும் வந்தது ஒரே ஆட்கள் இல்லை, ஆகவே ஒருவர் பொதியை மாற்றினார் என்றும் சொல்ல முடியாது.

ரமேஷ், தலவாக்கலை:
60 பேர் காணாது தங்கச்சி. 300 பேரைக் கேட்டிருந்தால் அந்தப் பிழையெல்லாம் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பதுளை:
பாதி சரி தம்பி. ஆள் கூடினால் தற்செயலான ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் அதே கடை வாசலில் 300 பேரைக் கேட்டாலும் டவுனுக்குப் போகிறவர் அதில் வரமாட்டார், முடிவு அதே பக்கம்தான் சாயும். லயன் வீடுகளுக்கு வரிசையாக இலக்கம் போட்டு, ஐந்தாவது ஐந்தாவது கதவைத் தட்டியிருந்தால் 40 வீடே இதை விட நல்ல மாதிரி. சதவீதம் போடாமல் "30இல் 17" என்று எண்ணிக்கையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. மகள், காசுக்கா கடனுக்கா என்று கேட்டீர்களா?

செல்வம், பண்டாரவளை:
நானும் கடைதான் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கொப்பிக் கணக்குக்குப் பெரிய பொதி கொடுக்க மாட்டேன், சின்னது மட்டும்தான். பெரியது கொடுத்தால் சம்பளத்தன்று வசூலிப்பது கஷ்டம். எனக்கு எந்த அளவு பொதியைக் கூடுதலாக எடுத்து வைத்தால் லாபம் என்று யாராவது சொல்லுங்களேன்.

தர்ஷினி:
அண்ணன் சொல்வது பெரிய விசயம். அப்படியென்றால் பொதியைத் தீர்மானிப்பது வாங்குகிறவரா, கடைக்காரரா? கடனைப் பற்றி நான் கேட்கவில்லை, சேர். கடை முதலாளி பக்கத்திலேயே பாக்கு வெட்டிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள்.

விரிவுரையாளர்:
அதையும் மட்டுப்பாட்டில் சேருங்கள். எந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை, ஏன் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஆள் பேர் இல்லாமல் கொப்பியிலிருந்து பொதியின் அளவை மட்டும் எண்ண விடுவார்களா என்று பாருங்கள்.

செல்வம்:
என் கொப்பி என்றால் யோசிப்பேன் சேர். பேரை மறைத்தாலும், எந்த லயன் எவ்வளவு பாக்கி என்று எங்கள் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.