குறுந்தொகை 25: குருகின் காலைப் படமாக்குவதில் உதவி வேண்டும்

வணக்கம். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலைப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு ஏற்ற காட்சி விவரிப்பாக மாற்றி வருகிறேன். ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு’ என்ற பகுதியை அப்படியே எழுதிக் கொடுத்தால், உவமையாக வந்த தினை, பறவைக்கு அருகே கதிரோடு ஒரு பயிராகவே முளைத்துவிடுகிறது. ஆகவே தினையின் பெயரை நீக்கிவிட்டு, உவமை சுட்டும் மெலிவையும் பசுமையையும் மட்டும் காலுக்கு ஏற்றினேன். வெறுமனே கொக்கு என்றால் கருங்காலுடைய வெண்கொக்கே வருவதால், பசுமஞ்சள் காலும் பழுப்புக் கோடுகளும் உடைய குளத்துக்கொக்கு என்று இனத்தையும் குறிப்பிட்டேன். ஆரலை விலாங்கு போல் நீண்டு மெலிந்த மீன் என்று விவரித்தபோது அதுவும் ஓரளவு சரியாக அமைந்தது.

அமையாதவை இரண்டு. குருகின் பார்வை நீரில் பதியாமல் பார்ப்பவரை நோக்கியே திரும்புகிறது. தலைவன் தலைவியை யாரும் அறியாமல் மணந்தபோது, அதைக் கவனியாமல் மீனையே பார்த்திருந்த பறவைதான் அவளுக்கு ஒரே சாட்சி என்பதால், இந்தப் பிழை பாடலின் பொருளையே குலைத்துவிடுகிறது. அடுத்து, ‘யாரும் இல்லை’ என்பதற்காக மனிதர் வேண்டாம் என்று எழுதினால், அந்தச் சொல்லே மனித உருவங்களை வரவழைக்கிறது. அதை எதிர்மறைக் குறிப்புக்கு மாற்றினால் போதுமா? பார்வைத் திசையை நிலைப்படுத்தக் கோட்டோவியம் கொடுத்து வழிநடத்தியவர்கள், அலகின் சாய்வையும் கழுத்தின் வளைவையும் எவ்வாறு வரைந்து கொடுத்தீர்கள் என்று விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.