மறு: ஆஸ்பெக்ட்ஸ்: "பாதிப்பு மதிப்பெண்" சரியா?

சொற்பட்டியல் தொகுப்பவர்:

அன்பர்களே,

பக்கவாத சிடி அறிக்கைகளுக்கான சொற்பட்டியலில் ஆஸ்பெக்ட்ஸ் வந்ததும் நின்றுவிட்டேன். நடு மூளைத் தமனி ரத்தம் கொடுக்கும் இடத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ரத்தம் குறைந்ததற்கான ஆரம்ப அடையாளம் எதிலெல்லாம் தெரிகிறது என்று பார்த்துப் போடும் எண். "குருதிக்குறைப் பாதிப்பு மதிப்பெண்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

கதிரியல் மருத்துவர்:

"பாதிப்பு" மட்டும் வேண்டாம். இந்த எண் கெட்டுப்போனதை எண்ணுவதில்லை. பத்தில் தொடங்கி, கெட்ட பகுதிக்கு ஒன்று வீதம் கழித்துக்கொண்டே வருகிறோம். பத்து என்றால் எதுவும் தெரியவில்லை, பூஜ்யம் என்றால் பத்தும் போயிற்று.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு முன் இடது கையும் காலும் விழுந்துபோனவர். அப்படியானால் பார்க்க வேண்டியது வலது மூளை. முதலில் படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைத் தீர்மானிக்கும் சன்னலைக் குறுக்கிக்கொள்வேன், அகலம் 40, மையம் 40. வழக்கமான 80 அகலத்தில் இந்த லேசான கருமை கண்ணுக்குத் தப்பிவிடும். பேசல் கேங்க்ளியா தெரியும் தளத்தில், இடப்பக்க இன்சுலாவில் சாம்பல் பட்டை கோடு போட்டதுபோல் இருந்தது. வலப்பக்கம் அந்தக் கோடே இல்லை. லெண்டிஃபார்மின் விளிம்பு கரைந்திருந்தது. அதே தளத்தில், மூளைப் புறணியின் எம்2 பகுதியில் சாம்பலும் வெள்ளையும் பிரியும் எல்லை மங்கல். காடேட், இன்டர்னல் கேப்சூல், எம்1, எம்3 நன்றாக இருந்தன. மேல் தளத்தின் எம்4, எம்5, எம்6 மூன்றிலும் கருமை இல்லை. பத்தில் மூன்று போக ஏழு.

இதைப் போனில் "பாதிப்பு மதிப்பெண் ஏழு" என்று சொன்னால், கேட்பவர் ஏழு பகுதி போய்விட்டது என்றுதானே நினைப்பார்? "எஞ்சு மதிப்பெண்" என்று வையுங்கள்.

குழு உறுப்பினர்:

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவுக்கு வாய் கோணியதும் எடுத்த ஸ்கேனில் பத்து என்று போட்டிருந்தது. பத்து இடமும் போச்சு என்று நினைத்து அண்ணனுக்குப் போன் போட்டு அழுதேன். அப்புறம் அது நல்ல எண் என்றார்கள். அப்படியானால் அம்மாவுக்கு வந்தது பக்கவாதமே இல்லையா?

கதிரியல் மருத்துவர்:

அப்படிச் சொல்ல முடியாது அம்மா. அடைப்பு ஏற்பட்ட திசுவில் நீர் சேரச் சேரத்தான் படத்தில் கருமை ஏறும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். மூளைத்தண்டிலோ பின் தமனியின் பகுதியிலோ அடைப்பு என்றால் இந்தக் கணக்கில் அது வரவே வராது. ஆள் மோசமாக இருக்கும்போதும் பத்து கிடைக்கும்.

தமிழாசிரியர்:

பத்துக்கு ஏழு என்றால் எழுபது விழுக்காடு பிழைத்தது என்றுதானே பொருள்? "எஞ்சு விழுக்காடு" என்றால் பாமரருக்கும் புரியும்.

கதிரியல் மருத்துவர்:

எஞ்சியது என்ற பாதி சரி ஐயா, விழுக்காடு சரியில்லை. பத்தும் சம அளவுத் துண்டுகள் அல்ல. காடேட் சின்னது, எம்5 அதைப்போல் பல மடங்கு. இரண்டுக்கும் கழிவு ஒன்றுதான். கன அளவை அளப்பது வேறு வேலை.

சிடி டெக்னீஷியன்:

ஒரு சந்தேகம். மேலே சொன்ன படத்தில் எம்5இல் கருமை இல்லை, ஆனால் மடிப்புகளின் இடைவெளி மட்டும் அடைபட்டு வீங்கியிருந்தால்? எங்களிடம் ஒரு டாக்டர் அதையும் கழித்து ஆறு போடுவார், இன்னொருவர் ஏழு என்பார். தலை சாய்ந்து எடுத்த படம் என்றால் சண்டை இன்னும் பெரிதாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே தளமாக இருக்காதே.

கதிரியல் மருத்துவர்:

2000இல் இந்த முறை வெளியானபோது வீக்கத்தையும் கழித்தார்கள். கருமையில்லாத வீக்கத்தில் ரத்தம் தேங்கி நிற்பதுண்டு, அடைப்பை எடுத்தால் அந்தத் திசு மீளவும் கூடும் என்று பிறகு தெரிந்தது. அதனால் நான் கழிப்பதில்லை, ஏழுதான் போடுவேன். இன்னும் கழிப்பவர்களும் உண்டு. சொற்பட்டியலில் "ஆரம்ப மாற்றம்" என்று பொதுவாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். "ஆரம்பக் கருமை", "தனி வீக்கம்" என்று பிரித்து எழுதுங்கள். பழைய தழும்பையும் கழிக்கக் கூடாது. அது நல்ல கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும்.

சொற்பட்டியல் தொகுப்பவர்:

சரி, "எஞ்சு மதிப்பெண்" என்று மாற்றிவிட்டேன். "தப்பிய பகுதி எண்" நல்லது என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். அதையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

எம்1 மட்டும் இன்னும் தொல்லை. தமனியின் முதல் துண்டுக்கும் அதே பெயர், மூளைப் புறணியின் முன்பகுதிக்கும் அதே பெயர். "எம்1 அடைப்பு", "எம்1 கருமை" இரண்டும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. புறணிக்கு "எம்1 வட்டாரம்" என்றால் போதுமா, இல்லை எழுத்தையே மாற்ற வேண்டுமா?