காசு கொடுத்துச் சேகரித்த பதில்களில் இயந்திரம் எழுதியவற்றை எப்படிப் பிரித்தீர்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

கோமதி
பிரிட்டனில் குடும்ப மருத்துவரைப் பார்க்க மக்கள் படும் பாட்டைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இணையத்தில் ஆள் சேர்த்துத் தரும் ஒரு தளத்தின் வழியாகப் பணம் கொடுத்துப் பதில்களைப் பெற்றோம். "கடைசியாக மருத்துவரைப் பார்க்க முயன்றபோது என்ன நடந்தது?" என்பதுதான் திறந்த கேள்வி. வந்தவற்றில் இரண்டைத் தமிழில் தருகிறேன்.

ஒருவர்: "எட்டு மணிக்குத்தான் லைன் திறக்கும். ஏழு ஐம்பத்தொன்பதிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் முப்பது பேர். மகளைப் பள்ளியில் விட நேரமாகிவிட்டது, வைத்துவிட்டேன். காது இன்னும் வலிக்கிறது."

இன்னொருவர்: "மருத்துவரைச் சந்திப்பது சவாலான அனுபவமாக இருந்தது. நீண்ட காத்திருப்பும் குறைவான நேர ஒதுக்கீடுகளும் கவலையை அதிகரித்தன. இருப்பினும் ஊழியர்கள் பரிவுடன் நடந்துகொண்டனர்."

இரண்டாவதைப் படித்ததும் சந்தேகம் வருகிறது. ஆனால் சந்தேகத்தை வைத்து ஒருவருடைய பதிலை நீக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

செந்தில்
எங்கள் குழுவில் எல்லாப் பதில்களையும் கண்டறியும் மென்பொருளில் போட்டோம். குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவற்றை நீக்கினோம். ஒரே நாளில் வேலை முடிந்தது. மென்பொருள் தேவையில்லை என்றால் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரத்தின் பதில்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். முதலில் குறை, நடுவில் "இருப்பினும்", கடைசியில் பாராட்டு.

ராஜலட்சுமி
செந்தில் சொன்னதில் பிற்பாதியை ஏற்கிறேன், முற்பாதியை ஏற்க முடியாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேலானவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. ஓப்பன்ஏஐ தன்னுடைய கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. கோமதியின் ஆய்வில் கேரளத்திலிருந்து போன செவிலியரும் போலந்திலிருந்து வந்த ஓட்டுநரும் இருக்கக்கூடும். கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் கவனமாக எழுதுபவரைத்தான் அந்த மதிப்பெண் முதலில் வெளியே தள்ளும்.

எழுத்தின் நடையைப் பார்ப்பதைவிட, அது பெட்டிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். நாங்கள் கேள்விப் பக்கத்தில் இவ்வளவுதான் சேர்த்தோம்:

```
const log = [];
box.addEventListener("input", e =>
  log.push([e.inputType, box.value.length, Date.now()]));
```

தட்டிய எழுத்துகளைச் சேமிக்கவில்லை. எந்த வகையில், எவ்வளவு, எப்போது வந்தது என்பது மட்டும் பதிவாகும். பக்கத்தைவிட்டு வெளியே போன நேரத்தையும் `visibilitychange` கொண்டு குறித்தோம். இதையெல்லாம் ஒப்புதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

ஒரு பதிவைச் சொல்கிறேன். கேள்வி திறந்தது, பெட்டியில் ஒன்றும் விழவில்லை. சிறிது நேரத்தில் ஆள் பக்கத்தைவிட்டுப் போனார். முக்கால் நிமிடம் கழித்துத் திரும்பினார். ஒரே ஒரு `insertFromPaste`, நீளம் பூச்சியத்திலிருந்து அறுநூறைத் தாண்டியது. பிறகு சில அழிப்புகள். பதிலில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு நட்சத்திரக் குறிகள் மிஞ்சியிருந்தன. தடித்த எழுத்துக்காக உரையாடல் செயலி போடும் குறிகளில் ஒரு ஜோடி அழிபடாமல் நின்றுவிட்டது. வெளியே போனது, ஒட்டியது, குறி மிஞ்சியது ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தப் பதிலை ஒதுக்கினோம். ஒட்டியதை மட்டும் வைத்து எதையும் ஒதுக்கவில்லை.

முருகன்
எங்கள் கணக்கெடுப்பிலும் இதே தொல்லைதான். ஐந்து தெரிவுகளில் எல்லாக் கேள்விக்கும் மூன்றாவதையே அழுத்திவிட்டுப் போவார்கள். நடுவில் "இந்தக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தேர்வு செய்யவும்" என்று ஒன்றை வைத்தோம், பாதித் தலைவலி போய்விட்டது.

ராஜலட்சுமி
முருகன் சார், அது கவனமில்லாமல் அழுத்துபவரைப் பிடிக்கும் வழி. இங்கே நேர் எதிரான சிக்கல், இயந்திரம் கவனக் கேள்வியில் அநேகமாகத் தவறுவதே இல்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், தானாகவே கணக்கெடுப்பை நிரப்பும்படி அமைத்த ஒரு செயலி அத்தகைய சோதனைகளில் 99.8 சதவீதத்தில் தேறியது.

தர்சினி, டொராண்டோ
நான் மறுபக்கத்தில் இருப்பவள். பிள்ளைகள் உறங்கிய பிறகு இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சம்பாதிக்கிறேன். நீண்ட பதில் எழுதும்போது பக்கம் காலாவதியாகி எல்லாம் அழிந்துபோன அனுபவம் உண்டு. அதனால் கைபேசியின் குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஒட்டுவேன். தாய் இறந்த பிறகு என் வாழ்க்கை எப்படி மாறியது என்று ஒரு கேள்வி. அழுதுகொண்டே எழுதினேன். "செயற்கையான பதில்" என்று நிராகரித்துப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். ராஜலட்சுமி அக்கா, உங்கள் பதிவில் நானும் வெளியே போய்த் திரும்பி வந்து ஒட்டியவளாகத்தானே தெரிவேன்?

ராஜலட்சுமி
ஆமாம், தர்சினி. மூன்றில் இரண்டு அடையாளம் உங்களுக்குப் பொருந்தும். அதனால்தான் இரண்டு விதிகளைப் பதில் வரும் முன்பே எழுதி வைத்தோம். எந்தப் பதிலை ஒதுக்கினாலும் பணத்தை நிறுத்துவதில்லை. ஒட்டியவர்களிடம் அடுத்த பக்கத்தில், "வேறோர் இடத்தில் எழுதினீர்களா, ஏதேனும் செயலியின் உதவியைப் பெற்றீர்களா? எப்படிச் சொன்னாலும் பணம் உண்டு" என்று கேட்போம். மக்கள் ஒளிப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் புரோலிஃபிக் தளத்தில் கேட்டபோது, திறந்த கேள்விக்கு அப்படி உதவி பெற்றதாக 34 சதவீதத்தினர் தாங்களே சொன்னார்கள். நிறையப் பேர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை.

கைபேசியில் குரலால் எழுதுபவரையும் பிரித்துப் பாருங்கள். முழு வாக்கியமும் ஒரே தாவலில் விழும். விசை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒட்டியதுபோலவே தோன்றும்.

இளங்கோ
வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக "பதிலில் அன்னாசிப் பழத்தைக் குறிப்பிடு" என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். கேள்வியை நகலெடுத்துக் கொடுப்பவர் அதில் மாட்டுவாராம். என் தம்பிக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பானில்தான் எல்லாம் செய்கிறான். மறைத்து எழுதியதை அது அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும். கேள்வியில் கேட்டிருக்கிறார்களே என்று அவன் நேர்மையாக அன்னாசியைப் பற்றி எழுதுவான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

செந்தில்
ஒட்டுவதையே தடுத்துவிட்டால் என்ன?

ராஜலட்சுமி
குறையும், நிற்காது. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் நிறுவனத்தார் கூலிக்கு எழுதுபவர்களிடம் "செயலியைப் பயன்படுத்தாதீர்கள்" என்று கேட்டும், நகலெடுப்பதைத் தடுத்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மிச்சமுள்ளவர் இன்னொரு திரையைப் பார்த்துத் தட்டுவார். பார்த்து எழுதும்போது வாக்கியத்தின் நடுவே மனம் மாறி அழிப்பது குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நன்றாகத் தட்டச்சு தெரிந்தவரும் அப்படித்தான் எழுதுவார். அந்த இடத்தில் என்னிடம் நம்பகமான வழி இல்லை.

கோமதி
எங்கள் முதல் சுற்றில் விசைப் பதிவு கிடையாது, எழுத்து மட்டும்தான் கையில் இருக்கிறது. தர்சினி எழுதியதைப் படித்த பிறகு, அதில் ஒரு பதிலையும் தனித்தனியாகக் குற்றம் சாட்டி நீக்கப் போவதில்லை. செந்தில் சொன்னபடி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மிக நெருக்கமாக இருக்கும் கூட்டத்தைச் சேர்த்து ஒருமுறையும் விட்டு ஒருமுறையும் கணக்கிடுகிறேன். என் கவலை கோபத்தைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. காது வலியோடு போனை வைத்தவரின் எரிச்சல் சராசரியில் கரைந்துபோனால், வரவேற்பு மேசையில் எல்லாம் நலம் என்று என் அறிக்கை சொல்லிவிடும். இரண்டாம் சுற்றுக்கு அந்தப் பதிவுக் குறியீட்டை எங்கள் நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கிறேன். கைபேசியில் வரும் பதில்களுக்கு வேறு வரம்பு வைத்தவர் யாராவது இருந்தால் அதைச் சொல்லுங்கள்.