புதுப்பிப்பு: எல்லாரும் 'இல்லை'ன்னு டிக் அடிச்ச அந்த ஃபார்ம்

முன்ன நான் கேட்டது: "நலன் முரண் ஃபார்ம்ல எல்லாருமே 'இல்லை'ன்னு குடுக்கறாங்க, குறிப்பை எப்படி மாத்தி எழுதறது?"

நலன் முரண்னா கம்பெனி வேலையும் சொந்த லாபமும் மோதறது. ராணிப்பேட்டைல எங்க தோல் கம்பெனில பழைய வரி "உங்களுக்கு நலன் முரண் உண்டா?" அவ்ளோதான். பர்ச்சேஸ் அண்ணன் 'இல்லை' போட்டாரு, ஆனா லோடு அடிக்கற டெம்போ அவரு மச்சானோடது, கேட்டா "நான் கமிஷன் வாங்கலையேப்பா"ங்கறாரு. பொய் இல்ல, தீர்ப்பு சொல்ற வேலைய கேள்வியே அவர்கிட்ட குடுத்துடுச்சு.

கம்பெனி சட்டம் 2013 உறவினர் பட்டியலை அப்படியே போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, பாதி சரி, அதுல மருமகன் இருக்காரு, மச்சான் இல்ல! ஆடிட்டர் அக்கா சொல்லி இப்படி மாத்தினேன்:

"கடந்த 12 மாசத்துல நீங்களோ, உங்க மச்சான், மாமனார், சித்தப்பா பையன் மாதிரி சொந்தக்காரங்களோ நம்ம கம்பெனிக்கு சரக்கு, வண்டி, ஆள், இடம் குடுத்தீங்களா? பேரு, உறவு, என்ன குடுக்கறாங்கன்னு எழுதுங்க. தப்பா இல்லையான்னு நாங்க பாத்துக்கறோம்."

அண்ணன் இந்த தடவ டெம்போவ எழுதிட்டாரு, அதனால அந்த வாடகை பில்லுல இப்ப அவருக்கு பதிலா வேற ஆள் கையெழுத்து போடறாரு. வீட்டு லோனும் எழுதணுமான்னு கேட்டவருக்கு: பேங்க் லோன் வேணாம், சப்ளையர்கிட்ட வாங்கின கைமாத்துன்னா எழுதணும். சப்ளையரோட சேந்து ஒரே சீட்டு கட்டினா? அதுல அக்காவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரல.