கலைச்சொல் உதவி: ஒரே நாட்டுக்குள் கோர், பெரிஃபெரி

செல்வி, கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி மேல்நிலை மாணவர்களுக்குப் புவியியல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு நாட்டுக்குள்ளேயே சில பகுதிகளில் தொழிலும் வேலையும் பணமும் சேர்ந்துகொண்டே போகின்றன. மற்றப் பகுதிகள் ஆளையும் மூலப்பொருளையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் ஒரு சொல்லிணை தேவை.

'மையம், விளிம்பு' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். இந்திய வரைபடத்தில் விளிம்பைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் மும்பையையும் சென்னையையும் தொட்டார்கள். மையம் என்று சத்தீஸ்கரைக் காட்டினார்கள். படத்தின்படி சரி, பாடத்தின்படி நேர் தலைகீழ். உதவுங்கள்.

இராமலிங்கம், நகரி

டீச்சருக்கு வணக்கம். அகம், புறம் இருக்க வேறு சொல் எதற்கு? அகநிலம், புறநிலம். தமிழனுக்கு விளக்கவே வேண்டாம்.

முருகேசன், குப்பம்

புலவர் ஐயா, விளிம்பு என்றே இருக்கட்டும். குப்பத்தில் இருக்கும் எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஆந்திராவின் கடைசி மூலை இது. எங்கள் பையன்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். என் தம்பி மகனும் அப்படித்தான். எல்லையில் இருப்பவனை எந்த அரசும் கண்டுகொள்ளாது. டீச்சர் ஊரும் கேரள எல்லைதானே, அங்கும் இதே கதையாகத்தான் இருக்கும்.

வேதவல்லி, பாலக்காடு

முருகேசன் தம்பி, உங்கள் ஊர் நிலை உண்மை. ஆனால் எல்லையில் இருப்பது அதற்குக் காரணமில்லை. சத்தியவேடும் ஆந்திராவின் எல்லைதான். அதன் பக்கத்தில் 2008 முதல் ஸ்ரீசிட்டி வளர்ந்து, கார் முதல் மெட்ரோ ரயில்பெட்டி வரை செய்கிறார்கள். சென்னை சுமார் 55 கிலோமீட்டர், கொல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்தில், துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில். சென்னையில் நிலமும் இடமும் நெருக்கடியானதும் மாநிலக் கோட்டைத் தாண்டி வழிந்து வந்த வளர்ச்சி அது. ஆக, எந்த மாநிலத்தின் ஓரம் என்பதை விட எந்தச் சந்தைக்குப் பக்கம் என்பதுதான் கணக்கு.

டீச்சர், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் ஏன் தொழில் குவியவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் சரக்குக் கட்டணச் சமப்படுத்தலைச் சொல்லுங்கள். 1950களில் மத்திய அரசு இரும்பு எஃகு, சிமெண்ட் ஆகியவற்றுக்கு நாடு முழுக்க ஒரே விலை வைத்தது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஜாம்ஷெட்பூர் ஆலை வாசலில் ஒரு பாரம் எஃகு 100 ரூபாய், சென்னைக்கு ரயில் கட்டணம் 20. இயல்பாக ஜாம்ஷெட்பூர்க்காரருக்கு 100, சென்னைக்காரருக்கு 120. கட்டணத்தை எல்லார் தலையிலும் பரப்பி இருவருக்கும் 110 என்று வைத்தால், ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர் பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறார், தூரத்தில் இருப்பவர் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். செய்த இயந்திரத்தை விற்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவை மட்டும் யாரும் சமன் செய்யவில்லை. பிறகு எவர் பட்டறையைச் சுரங்கத்துப் பக்கம் போடுவார்? சந்தையும் துறைமுகமும் இருக்கும் ஊருக்குத்தான் போவார். எஃகு விளைந்த மண்ணிலிருந்து அதன் ஒரே சாதகத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மேற்கே விளைந்த பருத்திக்கு ஏன் இப்படிச் சமவிலை இல்லை என்று, ஜார்க்கண்டும் சேர்ந்திருந்த அன்றைய பீகார்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

சுந்தர், வண்ணாமடை

அக்கா, அப்படியானால் கோயம்புத்தூர் பெரிதானதே இந்தச் சலுகையால்தான். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்து அத்தனை பேர் அங்கே பஸ் ஏறுவதற்கும் அதுதான் காரணம். 1990களின் தொடக்கத்தில் சமவிலை போய்விட்டதே, இனி எல்லாம் மெல்லக் கிழக்கே திரும்பிவிடும்.

வேதவல்லி, பாலக்காடு

பாதி சரி, சுந்தர். வார்ப்பாலைகளுக்கும் பம்புசெட்டுப் பட்டறைகளுக்கும் சமவிலை கைகொடுத்திருக்கும். ஆனால் கோவை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பஞ்சாலைகள் இருந்தன, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர்களே மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கினார்கள்.

திரும்பிப் போகும் என்பதுதான் நடக்காத காரியம். பட்டறை போட்ட ஊருக்குக் கடைசல்காரர் வருகிறார், உதிரிபாகக் கடை வருகிறது, பாலிடெக்னிக் வருகிறது, வங்கி கடன் கொடுக்கிறது. நாற்பது வருஷம் இப்படிச் சேர்ந்த பிறகு எஃகு விலையை மட்டும் பழையபடி ஆக்கினால் இவர்கள் எல்லாரும் மூட்டை கட்டுவார்களா? இதைத்தான் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தால் 1957இல் சொன்னார்: முந்தியவர் பக்கம் ஆளும் முதலும் போய்ச் சேர்வதால் பிந்தியவர் இன்னும் பிந்துகிறார். மையத்திலிருந்து வெளியே வழிவதும் உண்டு என்றார், ஆனால் ஏழை நாடுகளில் அது பெரும்பாலும் பலவீனமானது என்றார்.

செல்வி, கொழிஞ்சாம்பாறை

வேதா அக்கா, இதை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன். சொல்? எனக்கு ஒன்று தோன்றுகிறது: தலைமடை, கடைமடை. மூலத்தறை அணையிலிருந்து வரும் தண்ணீர் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வந்து சேராத கதையைப் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

இராமலிங்கம், நகரி

அருமை! தலையும் கடையும் குறள் முழுக்க இருக்கின்றன. 'எல்லாம் தலை' என்பார், 'கடையரே' என்பார். கடை என்றால் முடிவு மட்டுமன்று, வாயிலும் அதுவே. புழைக்கடை என்கிறோம் அல்லவா? வாயிலில் வைத்து விற்றதால்தான் அங்காடிக்கும் கடை என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. ஆகக் கடைமடை என்பது இழிவும் இல்லை, திறந்துகொள்ளும் இடமும் ஆகும். அகநிலத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

வேதவல்லி, பாலக்காடு

ஐயா, சொல் அழகுதான், ஆனால் ஓட்டம் தலைகீழ். வாய்க்காலில் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகிறது, வழியில் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே கடைமடையின் படித்த பிள்ளைகளும், அங்குள்ள வங்கிகளில் போட்ட சேமிப்பும் தலைமடைக்கு ஏறிப் போகின்றன. முருகேசன் தம்பி மகன் காலை ரயிலில் போவது அதுதான். தலைமடை என்றால் 'மேலே மிச்சமானது ஒருநாள் கீழே வரும்' என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், மடையின் சரிவு இயற்கை. எஃகு விலையை ஆட்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

சுந்தர், வண்ணாமடை

குவிநிலம், வடிநிலம்? ஒன்றில் குவிகிறது, மற்றதிலிருந்து வடிகிறது. ஓட்டம் சரியாக வருகிறது.

செல்வி, கொழிஞ்சாம்பாறை

வடிநிலம் எங்கள் பாடத்தில் ஏற்கெனவே ஆற்றுக்கு இருக்கிறது, பாரதப்புழை வடிநிலம் என்று. ஒரே புத்தகத்தில் இரண்டு பொருள் வராது. குவிநிலத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்.

முருகேசன், குப்பம்

எங்களை எந்த நிலம் என்று சொல்வீர்கள்? பெங்களூருக்கு ஆள் அனுப்புகிறோம், சரி. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வேலை தேடிக் குப்பத்துக்கும் வருகிறார்கள்.

வேதவல்லி, பாலக்காடு

நல்ல கேள்வி தம்பி. இரண்டுமாக இருக்கலாம். பெங்களூரோடு வைத்தால் கொடுக்கும் ஊர், பக்கத்துக் கிராமங்களோடு வைத்தால் வாங்கும் ஊர். ஆகவே சொல்லும் ஊருக்குப் பட்டம் கட்டுவதாக இல்லாமல் உறவைக் காட்ட வேண்டும். 'குவிபகுதி, வழங்குபகுதி' என்று வையுங்கள்.

இராமலிங்கம், நகரி

வழங்குதல் என்றால் வள்ளன்மை. வேறு வழியின்றிப் பிள்ளையை அனுப்புகிறவனை வள்ளல் என்பது நியாயமா? 'இழபகுதி' என்று சொல்லுங்கள்.

செல்வி, கொழிஞ்சாம்பாறை

ஞாயிறு இரவாகிவிட்டது. குறிப்பில் 'குவிபகுதி, இழபகுதி' என்று போட்டிருக்கிறேன். தேர்வுத்தாளில் மையம், விளிம்பு என்றுதான் கேட்பார்கள் என்பதால் அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். எஃகுக் கணக்கு முழுசாக உள்ளே இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

வேதவல்லி, பாலக்காடு

எனக்கு 'இழபகுதி' இன்னும் ஒப்பவில்லை. சத்தியவேடு போல மற்ற இடங்களும் அடுத்த இருபது வருஷத்தில் பெறும் பக்கத்துக்கு மாறினால் அந்தப் பெயரோடு என்ன செய்வது? அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம். ஜாம்ஷெட்பூர் கணக்கில் 100, 120 இரண்டும் கற்பனை எண்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் டீச்சர், பிள்ளைகள் அதை உண்மை விலையாக எழுதிவிடுவார்கள்.