பேட்டிங் கேமில் கட் ஷாட்டுக்கு பவர் வரவில்லை, யோசனை சொல்லுங்க

கோடோவில் ஒரு பட்டன் பேட்டிங் கேம் செய்கிறேன். வலது கை பேட்ஸ்மேன். சீக்கிரம் தட்டினால் லெக் சைடு, தாமதமானால் ஆஃப் சைடு. `t` மில்லி செகண்டில்:

```
t = tap_time - ball_time
angle = t * 0.9
power = max(0, 1 - abs(t) / 100.0)
```

சிக்கல் இதுதான்: 80 தாமதமானால் பந்து 72 டிகிரியில் பாயிண்ட் பக்கம் போகிறது, ஆனால் பவர் வெறும் 0.2. நேராக அடித்தால் மட்டுமே சிக்ஸர்! கட் ஷாட்டும் புல் ஷாட்டும் தவறான டைமிங்காகவே கணக்காகின்றன. பவர் குறையும் வேகத்தைத் தளர்த்திப் பார்த்தேன், அப்புறம் எப்படித் தட்டினாலும் பவுண்டரி.

பந்தின் லைனையும் லெங்த்தையும் பார்த்து சரியான நேரத்தையே நகர்த்தலாமா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஷார்ட் பந்து என்றால் +70-இல் முழு பவர் என்பதுபோல. ஆனால் அதை ஆடுபவருக்குத் திரையில் எப்படி உணர்த்துவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.