ஷேடோ கேட்சர்: 'நிழலேந்தி' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

படமாக்கிய காட்சியில் கணினியில் உருவாக்கிய பொருளைப் பொருத்தும்போது, தரை இருக்கும் இடத்தில் ஒரு தளத்தை வைக்கிறோம். தான் தெரியாமல், தன்மேல் விழும் நிழலை மட்டும் தரும் அத்தளத்துக்கு 'நிழலேந்தி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.
— செ.

*

அது தருவது ஒளி ஊடுருவும் கறுப்புப் படலம்தான். காட்சியின் மேல் அதைப் பரப்பினால் வேலை முடிந்தது. ஆகவே 'நிழற்படலம்' என்பதே தெளிவு.
— ப.

*

ப. அவர்கள் சொல்வது பழைய முறைக்குப் பொருந்தும். பிளெண்டர் மென்பொருளின் 3.0 பதிப்பு முதல், அதன் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் தனிப் படமாகத் தரும் `Shadow Catcher` பாஸ் படலமன்று. பொருள் இருக்கும்போது தரையில் படும் ஒளிக்கும் இல்லாதபோது படும் ஒளிக்கும் உள்ள விகிதம். அதைக் காட்சியோடு பெருக்க வேண்டும்.

வெயிலில் சாம்பல்நிறத் தரையில் ஒரு சிவப்புப் பந்தை வைப்பதாகக் கொள்வோம். மாற்றமில்லாத இடத்தில் விகிதம் 1. நிழலில் சூரியன் மறைந்து வானொளி எஞ்சுவதால், சிவப்பைவிட நீலத்தில் விகிதம் கூடுதலாக இருக்கும். பந்தின் வெயில் படும் பக்கத்திலோ, அது தெறிக்கும் ஒளியால் தரையின் சிவப்பு 1-ஐயும் சற்றுத் தாண்டும். கறுப்புப் படலத்தால் தரையை இருட்டாக்கத்தான் முடியும். இதைக் காட்ட முடியாது.

பெருக்கலை நேரியல் ஒளியளவில் செய்வதும் முக்கியம். திரை மதிப்பு 0.5 உள்ள தரையை 0.5 விகிதத்தால் முறையாகப் பெருக்கினால் திரையில் ஏறத்தாழ 0.36 கிடைக்கும், திரை மதிப்பையே பெருக்கினால் 0.25 ஆகி, நிழல் கரிபிடித்ததுபோல் இருக்கும்.

ஒளி பொருந்தியதா என்று அறிய, காட்சியிலேயே உள்ள ஓர் உண்மை நிழலை அளந்து பாருங்கள். நேரியல் அளவில் வெயில் தரை 0.40, நிழல் தரை 0.10 என்றால் விகிதம் 0.25. உங்கள் பாஸ் 0.6 என்று காட்டினால், பெரும்பாலும் சுற்றுப்புற ஒளியைத் தரும் எச்டிஆர்ஐ படத்தில் சூரியனின் உச்ச ஒளி வெட்டுப்பட்டிருக்கிறது; தனியே ஒரு சூரிய விளக்கைச் சேர்த்தாக வேண்டும்.

தளத்துக்கு 'நிழலேந்தி' இருக்கட்டும். பாஸுக்கு 'ஒளிமாற்ற விகிதம்' என்பது என் பரிந்துரை.
— இரா.

*

ஐயா, என் காட்சியில் கேமரா அசைவைக் கணிக்கும் டிராக்கிங்கின் பிழை 0.3 பிக்சல்தான். ஆனாலும் பெட்டியும் நிழலும் சேர்ந்தே தரையில் வழுக்குகின்றன. நிழலேந்தியைப் பெரிதாக்கினால் சரியாகுமா?
— மு.

*

ஆகாது, தம்பி. அளவுக்கும் வழுக்கலுக்கும் தொடர்பில்லை. அந்தப் பிழையளவு, டிராக் செய்த புள்ளிகள் தமக்குள் பொருந்துவதை மட்டுமே காட்டும். உங்கள் தளம் உண்மைத் தரையில் கிடக்கிறதா என்று அது சொல்லாது. தரையில் ஒட்டிய மூன்று புள்ளிகளைத் தேர்ந்து தளத்தை அமைத்துப் பாருங்கள். பிறகும் சட்டகத்தின் ஓரத்தில் மட்டும் வழுக்கினால், லென்ஸ் வளைவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.
— இரா.

*

விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் 'ஒளிமாற்ற விகிதம்' மெனுவில் இட நீளமாக இருக்கிறது. அதைவிட, தெறித்த சிவப்பையும் ஏந்தும் தளத்தை 'நிழலேந்தி' என்பது இப்போது எனக்கே குறையாகப் படுகிறது. 'ஒளியேந்தி' என்றால் விளக்கு என்று கொள்வார்களோ?
— செ.